மெயின்டனன்ஸ் கணக்கில் கூடுதலாகக் கேட்கும் தொகை எங்கிருந்து வருகிறது?

கடையோ அலுவலகமோ, பெரிய வணிக வளாகத்தில் இடம் எடுத்தவர்கள் வாடகையோடு மாதாமாதம் இன்னொரு தொகையும் கட்டுகிறார்கள். லிஃப்ட், வராந்தா விளக்கு, வாசல் காவலர், ஜெனரேட்டர், கழிப்பறைச் சுத்தம் என எல்லோருக்கும் பொதுவானவற்றின் செலவு அது. ‘கேம்’ என்றும் மெயின்டனன்ஸ் என்றும் சொல்வார்கள். சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று அது ஒப்பந்தத்தில் இருக்கும். பலர் கவனிக்காதது, பல ஒப்பந்தங்களில் அந்த விலை ஒரு உத்தேசம் மட்டுமே என்பதைத்தான். மார்ச் 31-ல் ஆண்டு முடிந்ததும் உரிமையாளர் உண்மையில் ஆன செலவைக் கூட்டி, வாங்கியதோடு ஒப்பிடுவார். குறைவாக வாங்கியிருந்தால் டெபிட் நோட் வரும். அதிகமாக வாங்கியிருந்தால் கிரெடிட் நோட் வர வேண்டும்.

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில், 1,00,000 சதுர அடிக் கட்டடம் ஒன்றைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அதில் உங்கள் இடம் 5,000 சதுர அடி. எனவே பொதுச் செலவில் உங்கள் பங்கு 5 சதவீதம். ஆண்டுத் தொடக்கத்தில் உரிமையாளர் போட்ட உத்தேசச் செலவு 120 லட்சம். அதன்மேல் 10 சதவீதம் நிர்வாகக் கட்டணம் சேர்த்தால் 132 லட்சம். சதுர அடிக்கு மாதம் 11 ரூபாய் என்ற விலை இப்படித்தான் வந்தது. நீங்கள் ஆண்டு முழுவதும் கட்டியது 6,60,000 ரூபாய்.

ஜூனில் கடிதம் வருகிறது. நிர்வாகக் கட்டணத்தோடு உண்மைச் செலவு 146.65 லட்சம், உங்கள் பங்கு சுமார் 7,33,260, பாக்கி 73,260, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்துச் சுமார் 86,447 ரூபாய். காரணம் என்ற இடத்தில் “மின்கட்டண உயர்வு, பராமரிப்புச் செலவு உயர்வு” என்று ஒரே வரி. பெரும்பாலான சண்டைகள் இந்த ஒரு வரியில்தான் தொடங்குகின்றன.

தலைப்புவாரியாகக் கேட்டு வாங்கிப் பார்த்தால் நான்கு இடங்களில்தான் மாற்றம். மின்சாரம் 40 லட்சத்திலிருந்து 45.32 லட்சமாகியிருக்கிறது. ஆட்கூலி, குறைந்தபட்ச ஊதியம் கூடியதால், 44-லிருந்து 46 லட்சம். டீசல் 8-லிருந்து 6 லட்சமாகக் குறைந்திருக்கிறது. பழுதுபார்ப்பு 9-லிருந்து 17 லட்சத்துக்குத் தாவியிருக்கிறது.

மின்சாரத்தை முதலில் எடுப்போம். உத்தேசம் யூனிட்டுக்குச் சராசரி 10 ரூபாய் வீதம் 4,00,000 யூனிட். உண்மையில் 10.30 வீதம் 4,40,000 யூனிட். தமிழ்நாட்டில் 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஜூலை 1 முதல் மின்கட்டணம் திருத்தப்பட்டது. மார்ச்சில் பட்ஜெட் போடுபவர் பழைய விலையை வைத்துப் போட்டால் ஒன்பது மாதங்களுக்குத் துண்டு விழத்தான் செய்யும். ஆனால் அந்த விலை உயர்வால் கூடியது, 4,40,000 யூனிட்டுக்கு 30 காசு வீதம், 1.32 லட்சம் மட்டுமே. மீதி 4 லட்சம் கூடுதலாக ஓடிய 40,000 யூனிட்டுக்கானது. “கட்டண உயர்வு” என்ற காரணம் கால்பங்கைத்தான் விளக்குகிறது.

அந்த 40,000 யூனிட் எங்கே போனது? ஒரு சிறு பகுதிக்கு டீசல் கணக்கிலேயே பதில் இருக்கிறது. மின்வெட்டு குறைந்து ஜெனரேட்டர் சுமார் 2,100 லிட்டர் குறைவாகக் குடித்திருக்கிறது. லிட்டருக்கு மூன்றரை யூனிட் என்று வைத்தால் ஏழாயிரத்துச் சொச்சம் யூனிட் டீசலிலிருந்து மின்வாரிய மீட்டருக்கு மாறியிருக்கிறது. இது நியாயமான கூடுதல். டீசலில் மிச்சமானதும் அதே கணக்கில் கழிந்துவிட்டது.

மீதிக்கு ஏசி பிளான்ட் அறையின் லாக் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை மணிக்கு நின்றது என்று ஆபரேட்டர் அதில் எழுதிவைப்பார். மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்த நிறுவனம் இரவு ஷிப்ட் நடத்துகிறது. அவர்களுக்காக மட்டும் 100 கிலோவாட் இழுக்கும் சில்லரும் பம்புகளும் 300 மணி நேரம் கூடுதலாக ஓடியிருக்கின்றன. அது 30,000 யூனிட், 3.09 லட்சம் ரூபாய். தனி மீட்டர் இல்லாததால் பொதுக் கணக்கில் விழுந்துவிட்டது. இதை உரிமையாளர் அந்த நிறுவனத்திடம் வசூலிக்க வேண்டும். உங்களிடம் கேட்பது சரியல்ல.

பழுதுபார்ப்பில் கூடிய 8 லட்சத்தில் 7 லட்சம், லிஃப்டுக்குப் புதிதாகப் போட்ட கண்ட்ரோல் பேனல். கம்பி தேய்ந்து மாற்றினால் அது பழுது. பல ஆண்டுகள் உழைக்கப்போகும் புது பேனல் மூலதனச் செலவு. அடுத்த ஆண்டு நீங்கள் காலி செய்துவிட்டுப் போனாலும் பேனல் உரிமையாளரிடம்தான் இருக்கும். சில ஒப்பந்தங்கள் மூலதனச் செலவைப் பொதுக் கணக்கில் சேர்க்கவே விடுவதில்லை. சில, அதன் ஆயுளுக்குப் பங்கிட்டு ஆண்டுக்கு ஒரு பகுதியை மட்டும் சேர்க்க விடுகின்றன. ஏழு ஆண்டு என்று வைத்தால் இந்த ஆண்டுக்கு 1 லட்சம்தான் வரும்.

இந்த இரண்டையும் சரிசெய்யும்போது அவற்றின் மேல் ஏறிய நிர்வாகக் கட்டணமும் சேர்ந்தே இறங்க வேண்டும். பேனலில் 6 லட்சம் விலகினால் கட்டணத்தோடு 6.6 லட்சம், உங்கள் பங்கில் 33,000 ரூபாய். இரவு ஏசி விலகினால் 16,995 ரூபாய். பாக்கி 73,260-லிருந்து 23,265-க்கு வந்துவிடுகிறது. இதை நீங்கள் கட்டத்தான் வேண்டும். விலையும் கூலியும் உண்மையாகவே கூடியிருக்கின்றன. இதே பிரிப்பை உரிமையாளரே ஒரு பக்கத்தில் எழுதி மீட்டர் ரீடிங்கோடு அனுப்பியிருந்தால், வாடகைதாரர் ஒரு வாரத்தில் பணம் கட்டியிருப்பார்.

செலவைவிடப் பெரிய பிழை வகுக்கும் எண்ணில் ஒளிந்திருக்கலாம். கட்டடத்தில் 20,000 சதுர அடி காலியாகக் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமையாளர் 1,00,000-க்குப் பதில் 80,000-ஆல் வகுத்தால் உங்கள் பங்கு 6.25 சதவீதமாகும். ஒரு ரூபாய் செலவு கூடாமலே உங்கள் கணக்கில் சுமார் 1,83,000 ஏறிவிடும். ஆள் கிடைக்காத இடத்தின் சுமையை, இருக்கிறவர்கள் தலையில் இறக்குவது இது. ஒப்பந்தத்தில் “மொத்தப் பரப்பு” என்று இருக்கிறதா, “வாடகைக்கு விட்ட பரப்பு” என்று இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஜிஎஸ்டியிலும் ஒரு பொறி உண்டு. காவல் நிறுவனம் 1,00,000 ரூபாய்க்கு 18,000 வரி போட்டு பில் தருகிறது. அந்த 18,000-ஐ உரிமையாளர் உள்ளீட்டு வரிக் கடனாக எடுத்துக்கொண்டால் அவருக்கு ஆன செலவு 1,00,000 மட்டுமே. பொதுக் கணக்கில் 1,18,000 என்று எழுதி அதன்மேல் மறுபடி 18 சதவீதம் போட்டால் நீங்கள் வரிக்கு வரி கட்டுகிறீர்கள். வரிக் கடன் எடுக்க முடியாத மருத்துவமனைக்கும் கிளினிக்குக்கும் இது முழுக்கக் கைநஷ்டம். டீசலும் மின்வாரிய பில்லும் ஜிஎஸ்டிக்குள் வராதவை, ஆகவே அவற்றை முழுத் தொகையாகக் காட்டுவது சரி.

கடிதம் வந்ததும் ஆட்சேபத்துக்கு ஒப்பந்தம் எத்தனை நாள் தருகிறது என்று பாருங்கள். அந்தக் கெடுவுக்குள் எழுத்தில் கேட்க வேண்டியவை: தலைப்புவாரி உத்தேசமும் உண்மையும், பொது மீட்டர் பில்கள், பெரிய பழுதுகளின் பில், வகுத்த பரப்பளவு. மறுக்காத தொகையைக் கட்டிவிட்டு மீதிக்கு மட்டும் பதில் கேட்டால் நிலுவைக்கு வட்டி போட இடமிருக்காது. திரும்ப வர வேண்டிய பணம் இருந்தால் இன்னொரு தேதியும் முக்கியம். வரியையும் சேர்த்துக் குறைக்கும் கிரெடிட் நோட்டை, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் உரிமையாளர் ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். அதன்பின் அசலைத் திருப்பித் தரலாம், அதற்குக் கட்டிய ஜிஎஸ்டியை அவர் குறைத்துக்கொள்ள முடியாது.