மணிக்கட்டு வலிக்கிறதா? முதலில் பயிற்சி நேரத்தைப் பாருங்கள்!

திருச்செங்கோடு வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆண்டு விழா நெருங்கினால் ஹாஸ்டல் அறைகளில் நள்ளிரவு வரை கிட்டார் சத்தம் கேட்கும். தினமும் அரை மணி நேரம் வாசித்த மாணவர், விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது திடீரென மூன்று மணி நேரம் வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாறு நாளில் இடது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் சுரீரென வலி வரலாம்.

காரணம், தசைநாண். தசையை எலும்போடு இணைக்கும் கயிறு இது. தசையைவிட இதற்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் புதிய வேலைக்குப் பழகவும் ஆறவும் அதிக நாள் எடுக்கும். ஆறு மடங்கு வேலையை ஒரே நாளில் ஏற்றினால் தாங்காது.

அப்படியானால் அந்த மாணவர் என்ன செய்யலாம்? முதல் வாரம் 15 நிமிடம் வீதம் மூன்று வேளை, அடுத்த வாரம் 20 நிமிடம் வீதம் மூன்று வேளை போதும். இடையில் சில மணி நேரமாவது கைக்கு ஓய்வு வேண்டும். மீதி நேரத்தில் பாட்டைக் கேட்டு, விரல் எங்கே போகிறது என்று மனதிலேயே ஓட்டிப் பார்க்கலாம். அதுவும் பயிற்சிதான்.

அடுத்தது, பிடி. கிட்டாரில் ஒரு ஸ்ட்ரிங்கை மெதுவாக அழுத்துங்கள். கரகரப்பு மறைந்து சுத்தமான ஒலி வரும் இடத்தில் நிறுத்துங்கள். தேவையான அழுத்தம் அவ்வளவுதான். பலர் அதைவிட அதிகமாக இறுக்குகிறார்கள். ஸ்ட்ரிங் ஃப்ரெட்டிலிருந்து அதிக உயரத்தில் இருந்தால் கடையில் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். மணிக்கட்டு மடங்காதபடி ஸ்ட்ராப்பின் நீளத்தைச் சரிசெய்யுங்கள்.

வயலின்காரர்களுக்கும் இதே சோதனைதான். நம் கர்னாடக முறையில் சம்மணமிட்டு, வயலினின் தலைப்பகுதியை வலது காலில் தாங்குகிறோம். கருவியின் எடையைக் கால் சுமக்க வேண்டும்; இடது கட்டைவிரல் அல்ல. வாசிக்கும்போதே கட்டைவிரலை ஒரு நொடி விலக்கிப் பாருங்கள். வயலின் சரிந்தால் கை அதைச் சுமக்கிறது என்று பொருள்.

கட்டைவிரலை உள்ளே வைத்து விரல்களை மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். லேசான இழுப்பு யாருக்கும் இருக்கும். மறுகையைவிடக் கூர்மையாக வலித்தால், 1895-ல் சுவிஸ் அறுவை மருத்துவர் ஃப்ரிட்ஸ் டி கெர்வைன் விவரித்த தசைநாண் பிரச்னையாக இருக்கலாம். உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு வாசிக்காதீர்கள். வலி என்ற எச்சரிக்கை மறைந்து, காயம் வளரும். விரல் மரத்துப்போனாலோ, இரவில் வலி எழுப்பினாலோ, ஒரு வார ஓய்வுக்குப் பிறகும் குறையாவிட்டாலோ எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். வலி போனபின் ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். மறுநாள் காலை கை வலிக்கவில்லை என்றால் மட்டும் இன்னும் சில நிமிடம் கூட்டுங்கள்.