பாச்சை உருண்டையும் பச்சிளம் குழந்தையின் ரத்தமும்

கிள்ளானில் என் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்த பிறகு, "ஜி6பிடி குறைபாடு இருக்கிறது. குழந்தையின் துணிகளுக்குள் பாச்சை உருண்டை போடாதீர்கள்" என்றார் தாதி. பாட்டிக்கு அது விளங்கவில்லை. "துணிக்குப் போடுற உருண்டைக்கும் ரத்தத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று, உயிர்வேதியியல் படிக்கும் என்னிடம் கேட்டார். பாட்டி கேட்டது நல்ல கேள்வி.

நம் நாட்டில் 1980-களிலிருந்தே பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தச் சோதனை செய்யப்படுகிறது. அதன் காரணம் சிவப்பணுவுக்குள் இருக்கிறது.

சிவப்பணுவின் வேலை ஆக்சிஜனைச் சுமப்பது. அப்படிச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒரு சிறு பங்கு தினமும் தானாகவே ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அப்போது ஆக்சிஜன் ஓர் எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு 'சூப்பர்ஆக்சைடு' ஆகிவிடுகிறது. இதுதான் முதல் எதிரி. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி இதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969-ல் இந்த நொதியின் வேலையைக் கண்டுபிடித்தது மாட்டின் சிவப்பணுவில்தான்.

ஆனால் பெராக்சைடும் ஆபத்தானது. அதை அகற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கேட்டலேஸ், அது பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். மற்றொன்று குளுட்டாதயோன் சுழற்சி. இதில் 2 குளுட்டாதயோன் மூலக்கூறுகள் தங்கள் ஹைட்ரஜனைக் கொடுத்து 1 பெராக்சைடை நீராக்குகின்றன. பிறகு அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செயலிழந்து போகின்றன. அவற்றைப் பிரித்து மீண்டும் வேலைக்கு அனுப்ப 1 என்ஏடிபிஎச் மூலக்கூறு செலவாகிறது.

அப்படியானால் 100 பெராக்சைடுக்கு 100 என்ஏடிபிஎச் வேண்டும். மற்ற உயிரணுக்களுக்கு இதைத் தயாரிக்க வேறு வழிகளும் உண்டு. மைட்டோகாண்டிரியா இல்லாத சிவப்பணுவுக்கோ குளுக்கோஸைப் பிரிக்கும் ஒரே ஒரு பாதைதான். அந்தப் பாதையின் முதல் நொதிதான் ஜி6பிடி. அது குறைந்தால் குளுட்டாதயோன் புதுப்பிக்கப்படாது. கேட்டலேஸும் தளர்ந்துவிடும், ஏனெனில் அந்த நொதி செயலிழக்காமல் காப்பதும் அதனுடன் பிணைந்திருக்கும் என்ஏடிபிஎச்தான். ஒரு நொதியின் குறையால் இரண்டு வழிகளும் பலவீனமாகின்றன.

சாதாரண நாளில் குறைவான நொதியே போதுமானதாக இருக்கும். நாப்தலீன் வரும்போதுதான் கணக்கு தவறுகிறது. உருண்டையிலிருந்து ஆவியாகும் நாப்தலீனைக் குழந்தை சுவாசிக்கிறது. அது எண்ணெயில் கரையும் பொருள் என்பதால், எண்ணெய் தேய்த்த தோல் வழியாகவும் எளிதாக உள்ளே போகும். கல்லீரல் அதை நாப்தோகுயினோன்களாக மாற்றுகிறது. இவை சிவப்பணுவில் சூப்பர்ஆக்சைடை வேகமாகப் பெருக்குகின்றன.

கையிருப்பு தீர்ந்ததும் ஹீமோகுளோபின் உருக்குலைந்து, 'ஹெயின்ஸ் துகள்கள்' எனப்படும் கட்டிகளாக அணுவின் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. விறைத்துப்போன அணுக்கள் மண்ணீரலில் சிதைகின்றன. அவற்றிலிருந்து வரும் பிலிரூபினை வெளியேற்றும் திறன் பச்சிளம் கல்லீரலுக்கு இன்னும் போதுமான அளவு வளர்ந்திருக்காது. மஞ்சள் காமாலை முற்றினால் பிலிரூபின் மூளையில் படிந்து நிரந்தரச் சேதம் விளைவிக்கும். குழந்தை மஞ்சளாவது, வெளிறுவது, சிறுநீர் தேநீர் நிறத்தில் போவது, பால் குடிக்காமல் சோர்வது ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தாதி சொன்ன அந்தச் சோதனையும் இதே என்ஏடிபிஎச்சைத்தான் தேடுகிறது. ஒரு சொட்டு ரத்தத்தை வினைப்பொருளுடன் கலந்து, வடிதாளில் இட்டு, புறஊதா ஒளியில் பார்ப்பார்கள். என்ஏடிபிஎச் உருவாகியிருந்தால் புள்ளி ஒளிரும். நொதி மிகவும் குறைவாக இருந்தால் ஒளிராது.

இதற்கு வரம்புகளும் உண்டு. ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளிடமே குறைபாடு தெளிவாகத் தெரியும். ஒரு பிரதி மட்டும் பழுதான பெண் குழந்தையிடம் நல்ல அணுக்களும் குறையுள்ள அணுக்களும் கலந்திருப்பதால் புள்ளி ஒளிர்ந்துவிடக்கூடும். ரத்தம் சிதைந்த சில நாள்களில் சோதித்தாலும் ஏமாற்றம் வரலாம். பழைய அணுக்கள் முதலில் அழிந்து, நொதி அதிகமுள்ள இளம் அணுக்களே மிஞ்சியிருக்கும். அதனால்தான் சில மாதங்கள் கழித்து மறுபடி சோதிப்பார்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் உருண்டைப் பொட்டலத்தை எடுத்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். எல்லா உருண்டையும் நாப்தலீன் அல்ல. சிலவற்றில் வேறு வேதிப்பொருள் இருக்கும். குறைபாடுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் எதையும் போடாமல் இருப்பதே பாதுகாப்பு. உறவினர் கொடுத்த பழைய துணியில் அந்த வாசம் வந்தால், நாப்தலீன் இன்னும் அதில் இருக்கிறது என்று பொருள். அந்தத் துணியைக் குழந்தைக்குப் போடாதீர்கள்.