சுகமாகிவிட்ட பிள்ளைக்கு இன்னும் ஏன் மாத்திரை?

சிறுவர்களுக்கு வரும் புற்றுநோய்களுள் அதிகமாகக் காணப்படுவது ஒருவகைக் குருதிப் புற்றுநோய். வைத்தியர்கள் இதனை 'ஏ.எல்.எல்.' என்று சுருக்கமாகக் கூறுவர். எலும்பினுள்ளே குருதி உற்பத்தியாகும் மச்சையில், முதிராத வெண்கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகி நல்ல கலங்களுக்கு இடமில்லாமற் செய்கின்றன. பிள்ளை வெளிறிப் போகும்; காய்ச்சல் விட்டுவிட்டு வரும்; அடிபடாமலே உடலில் கண்டல்கள் தோன்றும்.

சிகிச்சை தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதத்தில், "நோய் தணிந்துவிட்டது" என்று வைத்தியர் சொல்லக்கூடும். அதே வைத்தியரே, "இன்னும் இரண்டு வருடம் மருந்து கொடுக்க வேண்டும்" என்றும் சொல்வார். பெற்றோர் குழம்புவது இவ்விடத்திலேதான்.

நோய் கண்டுபிடிக்கப்படும் வேளையில் பிள்ளையின் உடலில் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி நோய்க் கலங்கள் இருக்கும். முதற் கட்டத்தை 'இன்டக்‌ஷன்' என்பர். நான்கு அல்லது ஐந்து வாரங்கள் ஸ்டீரொய்ட் மருந்தும், வின்கிறிஸ்டீன், அஸ்பராஜினேஸ் ஆகிய ஊசி மருந்துகளும் கொடுக்கப்படும். இவற்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கலங்கள் அழிந்தாலும் மிஞ்சுவது ஆயிரம் கோடி. மச்சையை நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது நூறு கலங்களில் ஐந்துக்கும் குறைவாகவே நோய்க் கலங்கள் தெரிந்தால் நோய் தணிந்தது என்பர். தணிந்தது என்பது வேறு, அற்றுப்போனது என்பது வேறு.

இரண்டாம் கட்டமான 'கொன்சொலிடேஷன்' சில மாதங்கள் நடக்கும். மிஞ்சிய கலங்களை வேறு மருந்துகளால் தாக்குவதே இதன் நோக்கம். மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த நீருக்குள் சாதாரண மருந்துகள் போதிய அளவு சென்று சேர்வதில்லை. அங்கே ஒளிந்திருக்கும் கலங்களுக்காக, முதுகில் ஊசி ஏற்றி மருந்து விடுவர். இது முதற் கட்டத்திலேயே தொடங்கிவிடும்.

மூன்றாவதான 'மெயின்ரனன்ஸ்' கட்டம் வீட்டிலே நடப்பது. வயலில் களை பிடுங்கியவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். முளைத்த களையைத்தான் பிடுங்கலாம். மண்ணுக்குள் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு முளைக்கும். இம்மருந்துகளும் பிரிந்து பெருகும் கலங்களையே கொல்லும். உறங்கிக் கிடக்கும் கலம் தப்பிவிடும். அது விழித்துப் பெருகத் தொடங்கும் நாளில் உடலில் மருந்து இருக்க வேண்டும். யப்பானில், டோக்கியோ நகர வைத்தியர்கள் 1992 இல் தொடங்கிய ஓர் ஆய்வில் முழுச் சிகிச்சையையும் ஒரு வருடத்துடன் நிறுத்திப் பார்த்தனர். நோய் திரும்பிய பிள்ளைகள் கூடினர். ஆகவே பெரும்பாலான இடங்களில் மொத்தச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம் நீடிக்கின்றது.

ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேர்கப்ரோபியூரின் 50 மில்லிகிராம் மாத்திரை கிழமையில் நான்கு நாள் ஒன்று, மூன்று நாள் ஒன்றரை. மெத்தோட்ரெக்சேட் 2.5 மில்லிகிராம் மாத்திரை ஆறு, கிழமையில் ஒரேயொரு நாள் மாத்திரம். இது உதாரணமே, அளவு பிள்ளைக்குப் பிள்ளை மாறும். மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாக நாள்தோறும் கொடுத்தால் வாய் புண்ணாகி, குருதிக் கலங்கள் வீழ்ந்து, உயிருக்கே ஆபத்தாகும். நாட்காட்டியில் அந்தக் கிழமையை, சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டால், சிவப்பு மையால் வட்டமிட்டு, அந்த மாத்திரைகளை வேறு டப்பாவில் வைப்பது நல்லது.

கிளினிக்கில் குருதியைச் சோதித்து வெண்கலங்கள் மிகக் குறைந்திருந்தால் மாத்திரையை ஒரு கிழமை நிறுத்துவர். இதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. மருந்து வேலை செய்கின்றது என்பதே பொருள். மாறாக, எண்ணிக்கை மாதக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் அளவு போதாது, அல்லது பிள்ளை மாத்திரையை விழுங்காமல் துப்பிவிடுகின்றது. தவறவிட்டிருந்தால் வைத்தியரிடம் மறைக்காமற் சொல்லுங்கள். மறைத்தால், விழுங்காத மருந்துக்கு அவர் அளவைக் கூட்டிவிடுவார். தவறிய மாத்திரைக்காக மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்கவும் கூடாது.

இடம் மாறி மாறி வாழும் குடும்பங்களில், மருந்து இடையில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பெற்றோரின் அசட்டை அல்ல. பஸ் கட்டணமும், தொலைந்துபோன கிளினிக் கொப்பியுமே. கொப்பியை அடையாள அட்டையுடன் ஒரே பொலித்தீன் உறையில் வைத்திருங்கள். புதிய இடத்துக்குப் போனால் அங்குள்ள பெரிய வைத்தியசாலையில் அதைக் காட்டிக் குருதிச் சோதனையைத் தொடரலாம்.

இக்காலம் முழுவதும் பிள்ளையின் எதிர்ப்புச் சக்தி குறைவு. உடல் 38 பாகை செல்சியஸைத் தாண்டிச் சுட்டால் விடியும்வரை காத்திராமல், பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிராமல், அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். வாசலிலேயே, "புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளை" என்று சொல்லுங்கள்.