மெட்டீரியல் கட்டும் பிளஸ் டூ தலைவலியும்

பிப்ரவரி பிறந்துவிட்டால் நாமக்கல், ராசிபுரம், சேலம் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் பிளஸ் டூ பிள்ளைகளின் கூட்டம்தான். மினிமம் மெட்டீரியல், புக் பேக் ஒன் மார்க், முக்கிய ஃபைவ் மார்க் என்று பாடத்துக்கு ஒரு கட்டு வந்து சேரும். 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பது நிறுத்தப்படும் வரை, முதலிடம் வாங்கிய பிள்ளைகளின் பள்ளிகளாக நாமக்கல் வட்டாரத்துப் பெயர்கள் அடிக்கடி செய்தியில் வந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளை இங்கே விடுதியில் சேர்க்கும் வழக்கமும் அப்படித்தான் பெருகியது. ரேங்க் போனாலும் விடியற்காலை ஸ்டடி, இரவு ஸ்டடி என்ற நீண்ட நேர அட்டவணை பல இடங்களில் அப்படியே இருக்கிறது.

அந்த நீண்ட இருக்கையின் விலையை உடல்தான் கொடுக்கிறது. மாலையில் நெற்றிப் பொட்டைப் பிடித்துக்கொள்ளும் வலி, பிடரி இறுக்கம், கண் எரிச்சல், படுத்தாலும் உடனே வராத தூக்கம். "மூணு மணி நேரம் படிச்சேன், ஒண்ணும் நிக்கல" என்று பிள்ளை சொல்லும்போது, பெரும்பாலான வீடுகளில் அதைச் சோம்பல் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். படித்தது உண்மை, நிற்காததும் உண்மை. கோளாறு, கட்டைக் கையாண்ட விதத்தில் இருக்கிறது.

தெரிந்த மாதிரி இருப்பதும் தெரிவதும்

ஒரே பக்கத்தை நான்காவது முறை படிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வேகத்தை மூளை 'இது தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் தேர்வில் பக்கம் கண்முன் இருக்காது. கேள்வியை மட்டும் பார்த்துப் பதிலை உள்ளிருந்து எடுக்க வேண்டும். அதற்கான பழக்கம் வாசிப்பில் கிடைப்பதில்லை.

2006-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு சிறு கட்டுரையை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழுவே முன்னால் நின்றது: 83 சதவீதம், எழுதிய குழு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். படித்தவர்களுக்கு நின்றது 40 சதவீதம், எழுதியவர்களுக்கு 61. நாளைய வகுப்புத் தேர்வுக்கு உதவும் முறையே மார்ச் மாதப் பொதுத் தேர்வில் கைவிடுவது இதனால்தான்.

ஒரு பாடத்தைப் பிரித்துப் பார்ப்போம்

பிளஸ் டூ விலங்கியலில் 'மனித நலன் மற்றும் நோய்கள்' பாடத்துக்கான கட்டு இருபது பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஆறு அமர்வாகப் பிரிக்கலாம்: பாக்டீரியா நோய்கள், வைரஸ் நோய்கள், மனித உடலில் மலேரியா ஒட்டுண்ணி, கொசுவின் உடலில் அதே ஒட்டுண்ணி, மற்ற ஒட்டுண்ணிகளும் பூஞ்சையும், கடைசியாக மது, போதைப் பழக்கம். அமர்வுக்கு 25 நிமிடம். நடுவே ஐந்து நிமிட இடைவெளி. இன்று மூன்று, நாளை மூன்று. ஒரு நாளுக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

மூன்றாவது அமர்வை மட்டும் உள்ளே போய்ப் பார்ப்போம். 'மலேரியா படிக்கணும்' என்பதை இலக்காக வைத்தால் எப்போது முடிந்தது என்று தெரியாது. 'கொசு கடித்ததிலிருந்து காய்ச்சல் வரும் வரை, பார்க்காமல் அம்புக்குறி போட்டு வரைவேன்' என்பது இலக்கு. முடிந்ததா இல்லையா என்பதைத் தாளே காட்டிவிடும். இதை அமர்வு தொடங்கும் முன் தாளின் தலையில் எழுதிவிட வேண்டும்.

முதல் 13 நிமிடம் படிப்பு. கொசுவின் உமிழ்நீர் வழியே ஸ்போரோசோயிட்டுகள் ரத்தத்துக்குள் வருகின்றன. அவை கல்லீரலுக்குப் போய்ப் பெருகி மீரோசோயிட்டுகளாக வெளியே வந்து சிவப்பணுக்களுக்குள் நுழைகின்றன. சிவப்பணு வெடிக்கும்போது ஹீமோசோயின் என்ற நச்சு ரத்தத்தில் கலந்து, நடுக்கமும் காய்ச்சலும் வருகின்றன. அடுத்த ஏழு நிமிடம் கட்டை மூடிவிட்டு வெற்றுத் தாளில் வரைய வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்றே கேள்விகள்: உள்ளே வரும் நிலை எது? முதலில் பெருகும் உறுப்பு எது? குளிர் காய்ச்சலுக்குக் காரணமான பொருள் எது? பதிலை எழுதிய பிறகுதான் கட்டைத் திறக்கலாம். பிழையை வேறு நிற மையில் திருத்த வேண்டும்.

இந்தப் படத்தில் அடிக்கடி வரும் தவறு, கொசுவிலிருந்து நேரே சிவப்பணுவுக்கு அம்பு போடுவது. நடுவில் கல்லீரல் காணாமல் போயிருக்கும். பத்து தடவை வாசித்தாலும் இந்த ஓட்டை கண்ணில் படாது, வாசிக்கும்போது கல்லீரல் அங்கே அச்சில் இருக்கிறதே! ஒரு தடவை வரைந்தால் பட்டுவிடும். அதே மூன்று கேள்விகளை மறுநாள் காலை ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை கேட்டுக்கொண்டால் போதும். இரண்டு நிமிட வேலை.

கெட்டுப்போகும் இடங்கள்

பார்க்காமல் எழுதுவது வாசிப்பதைவிடக் கஷ்டம். முதல் வாரத்தில் 'எனக்கு ஒன்றுமே தெரியவில்லை' என்ற பயம் வரும். அந்தப் பயத்தில் ஓரக்கண்ணால் பக்கத்தைப் பார்த்துவிட்டால் சோதனை செத்துவிடும். இன்னொரு பக்கம், எழுதியதைச் சரிபார்க்காமல் எழுந்து போனால் தவறான அம்பே மனதில் பதிந்துவிடும். ஆகவே திருத்தும் இரண்டு நிமிடத்தை எக்காரணத்துக்காகவும் விடக் கூடாது. மூன்றில் இரண்டு கேள்வி தவறினால், அதே அமர்வை இரவோடு இரவாக மூன்று தடவை செய்யாமல் மறுநாள் முதல் அமர்வாக வைப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் 25 நிமிடம் பொருந்தாது. இயற்பியல் தருவிப்பு, கணக்கில் நீளமான ஃபைவ் மார்க் போன்றவற்றைப் பாதியில் அறுத்தால் இழை விட்டுப்போகும். அவற்றுக்கு 40, 45 நிமிடம் கொடுக்கலாம். மூன்று மணி நேரம் விடாமல் எழுதும் உடல் பழக்கமும் துண்டு அமர்வுகளில் வராது. பள்ளியில் வைக்கும் முழு ரிவிஷன் டெஸ்ட் அதற்காகத்தான்.

நேரம் பார்க்கக் கைக்கடிகாரம் போதும். இடைவெளியில் எழுந்து நின்று, ஜன்னல் வழியே தூரத்து மரத்தையோ குன்றையோ பார்க்க வேண்டும். கிட்டத்து எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது கண் இமைப்பது குறைந்து காய்ந்துபோகிறது; கண்ணின் தசையும் ஒரே நிலையில் பிடித்தபடி இருக்கிறது. தண்ணீர் குடிக்கவும் அதுதான் நேரம். மார்ச் வெயிலில் உடலில் நீர் குறைந்தாலும் தலை வலிக்கலாம். கைபேசியை எடுத்தால் ஐந்து நிமிடம் அரை மணியாகும், கண்ணுக்கும் ஓய்வில்லை.

தூக்கத்தைக் கடனாக எடுக்காதீர்கள்

13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரவு பதினொன்றுக்கு மேல் போகும் கூடுதல் அமர்வு, அன்று முன்னால் முடித்தவற்றையும் பலவீனப்படுத்தும். அன்றைய அமர்வுகள் முடிந்தால் கட்டை மூடச் சொல்லுங்கள். விடுதியில் இருக்கும் பிள்ளையானால், பெற்றோர் கூட்டத்தில் முதலில் கேட்க வேண்டியது விளக்கணைக்கும் நேரத்தைத்தான்.

அமர்வைப் பிரித்தும் சோர்வு தீராவிட்டால்

நன்றாகத் தூங்கியும் ஒரு பிள்ளை 25 நிமிடம் உட்கார முடியாமல் தவித்தால் உடலைப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகளிடம் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரத்தசோகை. படியேறும்போது மூச்சிரைப்பு, கண் இமையின் வெளிறிய உட்புறம், அதிக மாதவிடாய்ப் போக்கு ஆகியவை அடையாளங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம். இந்த வயதுப் பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை. கடைசி பெஞ்சிலிருந்து போர்டு தெரியாத பிள்ளைக்கும் படிக்கும்போது தலை வலிக்கும் பிள்ளைக்கும் கண் பரிசோதனை வேண்டும்.

சாப்பாடு குறைவது, தனியே அழுவது, 'நான் எதுக்கு இருக்கேன்' என்பது போன்ற பேச்சு வந்தால் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 104-லும் ஆலோசனை கிடைக்கும். பிள்ளை பேச மறுத்தால் பெற்றோரே முதலில் அழைத்துக் கேட்கலாம்.