மடிப்பில் அறுபடாத கட்டம்

லுங்கியில் ஒரே கட்டத்தை நீலம், பச்சை, மெரூன் என்று பல நிறங்களில் நெய்வது வழக்கம். விற்பனைப் பட்டியலுக்காக ஒன்றை மட்டும் படம் பிடித்து, மற்ற நிறங்களை ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருளில் மாற்றிக்கொள்வதும் உண்டு. ஒற்றை நிறத் துணிக்கு இது எளிய வேலை. கட்டம் போட்ட துணியில், மடிப்பைக் கடக்கும் கோடு பாதியில் நிறம் மாறி அறுந்து நிற்பதுதான் பெரும் சிக்கல்.

கட்டம் என்பது துணிமேல் அச்சிட்ட கோடு அல்ல. நெடுக்கே ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் சேர்ந்து உண்டாக்குவது. நீலத் தளத்தில் சிவப்புக் கோடு போட்ட லுங்கியை எடுத்துக்கொள்வோம். பாவில் வரும் சிவப்புக் கோட்டை நீல ஊடை குறுக்கிடுவதால், தள்ளி நின்று பார்த்தால் அந்தக் கோடு செந்நீலமாகத் தெரியும். சிவப்புப் பாவும் சிவப்பு ஊடையும் சந்திக்கும் சிறு சதுரம் மட்டுமே முழுச் சிவப்பு. ஆகவே தளத்தைப் பச்சையாக்கும்போது கோடும் மாறியாக வேண்டும். சிவப்பு நூலும் பச்சை நூலும் கலந்த மங்கிய பழுப்பாக அது தெரிய வேண்டும். முழுச் சிவப்புச் சதுரங்கள் அப்படியே இருக்க வேண்டும். எனவே தளம், கோடு, சந்திப்புச் சதுரம் என மூன்றையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கோடு அறுபடுவது இந்தத் தேர்வில்தான். Color Range கருவியால் வெளிச்சத்தில் இருக்கும் நீலத்தைத் தொட்டால், அதே அளவு வெளிச்சமுள்ள நீலம்தான் எளிதில் சிக்கும். மடிப்பின் நிழலில் கருத்துக் கிடக்கும் நீலம் விட்டுப்போகும். எல்லையைத் தளர்த்தினாலோ பக்கத்துக் கோடும் சேர்ந்து வந்துவிடும். இதற்கு வழி, தேர்வுக்கு முன்னால் நிழலை விலக்குவது. படத்தின் மேல் நடுத்தரச் சாம்பல் நிற அடுக்கு ஒன்றை வைத்து, அதன் கலவை முறையை Luminosity என்று மாற்றினால், எல்லா இடமும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்துக்கு வந்துவிடும். மடிப்புகள் பெரும்பாலும் மறைந்து, நிறக் கட்டம் மட்டும் மிஞ்சும். அந்தத் தோற்றத்தை ஒரு நகலாக எடுத்து, அதிலிருந்து தேர்வு செய்தால் கோடு நிழலுக்குள்ளும் தொடரும். மிக ஆழமான மடிப்பில் நிறமே பதிவாகியிருக்காது. அங்கே மட்டும் தேர்வின் எல்லையைக் கையால் வரைய வேண்டும்.

அடுத்தது நிறமாற்றம். Hue/Saturation மூலம் தளத்தின் நீலத்தைப் பச்சைக்கு நகர்த்தலாம். கோட்டுக்கு மேலே பழுப்பு நிற அடுக்கு ஒன்றை Color முறையில் வைத்தால், அடியில் உள்ள நிழல் கலையாது. புதிய பச்சை பழைய நீலத்தைவிட வெளிறியதாக இருந்தால் வெளிச்சத்தையும் கூட்ட வேண்டும். அதைப் பெருக்கலாகச் செய்ய வேண்டும், கூட்டலாக அல்ல. தளத்தின் மதிப்பு வெளிச்சத்தில் 100, மடிப்பில் 40 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மடங்காக்கினால் அவை 150, 60 ஆகும். நிழலின் விகிதம் மாறாது. இரண்டிலும் 50 கூட்டினால் 150, 90 ஆகி, மடிப்பு ஆழமிழந்து துணி தட்டையாகிவிடும். Levels கருவியில் வெள்ளைக் குமிழை 255-இலிருந்து 170-க்கு நகர்த்தினால் இந்த ஒன்றரை மடங்கு கிடைக்கும்.

எல்லாக் கோட்டையும் நேராக இணைத்துவிடவும் கூடாது. துணி ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்திருந்தால், நடுவே சில கட்டங்கள் உள்ளே மறைந்திருக்கும். மடிப்பின் இரு கரைகளிலும் எதிரெதிரே நிற்கும் கோடுகள் அப்போது வெவ்வேறு கோடுகளாக இருக்கலாம். மடிப்பு முழுமையாக விரிந்து தெரியும் இடத்திலிருந்து, கரையோரமாகக் கட்டங்களை எண்ணிக்கொண்டு வந்தால் எது எதன் தொடர்ச்சி என்பது புலப்படும். வளைந்த மடிப்பில் கோடு வளைந்தோடுவதும், மறைந்த இடத்தில் விலகித் தெரிவதும் இயல்பானவை. அவற்றை நிமிர்த்தினால்தான் படம் பொய்யாகத் தெரியும்.

முடிந்த படத்தின் மேல் அதே சாம்பல் அடுக்கை மறுபடி Luminosity முறையில் வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. நிழலுக்குள் ஒளிந்திருந்த நீலத் திட்டும், விட்டுப்போன கோட்டுத் துண்டும் உடனே கண்ணில் படும். பிறகு அந்த அடுக்கை Color முறைக்கு மாற்றினால் படம் கறுப்பு வெள்ளையாகும். அதைக் கறுப்பு வெள்ளையாக்கிய மூலப் படத்தோடு ஒப்பிட்டு, மடிப்புகளின் ஆழம் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கோடு மிக மெல்லியதாக இருந்தால் இவை எதுவும் முழுப் பலன் தராது. பெரும்பாலான ஜேபெக் கோப்புகள் வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி சேமித்தாலும், நிறத்தை நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகவே சேமிக்கின்றன. ஓரிரு புள்ளி அகலமுள்ள கோட்டின் நிறம் பக்கத்துத் தளத்தில் கசிந்திருக்கும். நிறம் மாற்றியதும் அந்தக் கசிவு பழைய நிறத்தில் ஓரக்கோடாகத் தெரியும். கேமராவின் ரா கோப்பிலிருந்து தொடங்குவதும், ஒவ்வொரு கோடும் நான்கைந்து புள்ளி அகலமாவது வரும்படி நெருங்கிப் படம் பிடிப்பதும் இதைப் பெருமளவு தவிர்க்கும்.