காப்பர்-டி போடும்போது வலி: எது கேட்கும், எது கேட்காது

குழந்தை பெறாத பெண்ணுக்கும் கருப்பைக்குள் காப்பர்-டி போடலாம். மருத்துவத்தில் இதற்குத் தடையில்லை. ஆனால் “வலிக்குமா டாக்டர்?” என்று கேட்டால், “ஒரு நிமிஷம்தாம்மா, பொறுத்துக்கோ” என்ற பதில்தான் பல இடங்களில் கிடைக்கிறது. பயந்து வரும் பெண்ணுக்கு இது போதாது. வலியைக் குறைக்க வழி இருக்கும்போது பொறுத்துக்கொள்ளச் சொல்வது நியாயமும் இல்லை.

வலி மூன்று கட்டமாக வரும். கருப்பை வாய் அசையாமலிருக்க அதை ஒரு கவ்வியால் பிடிப்பார்கள். அப்போது சுருக்கென்று இருக்கும். அடுத்து, கருப்பையின் ஆழத்தை அளக்க மெல்லிய கோல் ஒன்றை உள்ளே செலுத்துவார்கள். பிரசவம் ஆகாத பெண்ணுக்குக் கருப்பை வாயின் உள்முனை இறுக்கமாக இருப்பதால் இந்தக் கட்டம்தான் கடினம். கடைசியில் ‘டி’ உள்ளே விரியும்போது கருப்பை சுருங்கி, மாதவிடாய் வலியைப் பல மடங்காக்கியதுபோல் இழுக்கும். கருப்பை வாயின் வலி ஒரு நரம்பு வழியாகவும், கருப்பையின் மேற்பகுதி வலி வேறு நரம்பு வழியாகவும் போகிறது. ஒரே மருந்து எல்லா வலியையும் அடக்காததற்கு இது முக்கியக் காரணம்.

வழக்கமாகக் கொடுக்கப்படும் இபுபுரூஃபென் மாத்திரை, சாதனத்தைப் பொருத்தும் நேரத்து வலியைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. பிறகு சில மணி நேரம் இருக்கும் இழுப்புக்கு அது உதவும். அதற்காகப் போட்டுக்கொள்ளலாம், அதை மட்டுமே நம்பி மேசையில் படுக்க வேண்டாம். கருப்பை வாயை இளக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையும் எல்லோருக்கும் தேவையில்லை. அது வலியைக் குறைக்காமல் குளிரையும் வயிற்றுப்போக்கையும் தரக்கூடும். முதல் முயற்சியில் சாதனம் உள்ளே போகாதவர்களுக்கு மட்டும் அது பயன்படலாம்.

நன்கு பலன் தருவது கருப்பை வாயைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசி. பல் பிடுங்கும்போது பல் டாக்டர் போடும் அதே லிடோகெயின்தான் மருந்து. அமெரிக்காவில் குழந்தை பெறாத 64 பெண்களிடம் இதைச் சோதித்து, முடிவை 2018-ல் வெளியிட்டார்கள். ஒரு சாரார் 20 மில்லி மருந்தை ஊசியாகப் பெற்றனர். மறு சாராருக்கு ஊசி போடுவதுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். சாதனத்தைப் பொருத்தும்போது வலி எவ்வளவு என்று நூற்றுக்கு மதிப்பிடச் சொன்னபோது, ஊசி போட்டவர்கள் 33 என்றும் மற்றவர்கள் 54 என்றும் சொன்னார்கள். ஆனால் அந்த ஊசியே வலிக்கும்: அதற்கு 30 மதிப்பெண், பாவனைக்கு 8. அதாவது பெரிய வலியைத் தவிர்க்கச் சிறிய வலியொன்றை முன்கூட்டியே ஏற்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், ஊசி குத்தும்போது “இதுவே இப்படியென்றால்…” என்று மனம் பதறாது.

அளவிலும் கவனம் வேண்டும். ஒரு கிலோ எடைக்கு 4.5 மில்லிகிராம் வரைதான் பொதுவாகப் பாதுகாப்பு. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு உச்சவரம்பு சுமார் 200 மில்லிகிராம். ஒரு சதவீத மருந்து 20 மில்லியில் இருப்பதும் அதே 200. ஆகவே மெலிந்த உடம்பென்றால் மருத்துவர் அளவைக் குறைப்பார். காதில் இரைச்சல், உதட்டைச் சுற்றி மரப்பு, வாயில் உலோகச் சுவை தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். லிடோகெயின் ஒவ்வாமை முன்பே இருந்தால் இந்த வழி வேண்டாம்.

ஊசி என்றாலே நடுங்குபவர்களுக்குக் கருப்பை வாயில் அடிக்கும் 10 சதவீத லிடோகெயின் ஸ்பிரேயோ, லிடோகெயின்-பிரிலோகெயின் கிரீமோ இருக்கிறது. தடவிய பின் சில நிமிடம் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் பலனில்லை. வழக்கமான 2 சதவீத ஜெல்லால் பெரிய பயன் தெரியவில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாதனம் பொருத்துவதற்கு முன் ஒவ்வொரு பெண்ணிடமும் வலி பற்றிப் பேசச் சொல்கிறது. ஊசியாகவோ மேற்பூச்சாகவோ லிடோகெயின் உதவலாம் என்றும் கூறுகிறது.

அதிகமாக வலிக்கும் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு வலியும் அதிகமாகவே தெரிகிறது. பயம் வலியின் ஒரு பகுதி. அதைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. முந்தைய பரிசோதனை கசப்பாக அமைந்திருந்தாலோ, பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தாலோ, மேசையில் ஏறுமுன் அதைச் சொல்வது நல்லது. “நிறுத்துங்கள்” என்றால் கருவியை அசைக்காமல் நிறுத்துவார்களா என்றும் கேட்டு வைக்கலாம். தலை சுற்றி வியர்த்தால் படுத்தபடியே காலை உயர்த்தி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெறும் வயிற்றோடு போவதையும் தவிர்க்கலாம்.

இத்தனைக்கும் அடங்காத பயமென்றால் மயக்க மருத்துவர் உள்ள மருத்துவமனையில் நரம்பு வழி மயக்கம் கொடுத்துப் பொருத்தலாம். அப்படியானால் மட்டும் வெறும் வயிறு கட்டாயம். எத்தனை மணி நேரம் என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு அழைத்துப்போகத் துணையும் வேண்டும், செலவும் கூடும்.