சோகை எரிப்பும் மூடாக்கும்

கரும்பு வெட்டிய வயலில் ஏக்கருக்குச் சுமார் 4 டன் சோகை மிஞ்சும். அதில் தழைச்சத்து 0.4 சதவீதம் என்று கொண்டால் 16 கிலோ. ஒரு யூரியா மூட்டையில் உள்ள சத்தில் முக்கால் பங்கு. தீ வைத்தால் அதில் பெரும்பகுதி புகையோடு போய்விடும்.

மறுதாம்புப் பயிருக்குக் கட்டை சீவியபின், ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையைப் பரப்பலாம். காலியான சாலில் நீர் பாயும், உரமும் இடலாம். மூடிய சாலில் ஈரம் நிற்கும், களை அடங்கும். முளைவரும் தூர்களின்மேல் மட்டும் சோகை குவியக்கூடாது.

பலர் கைவிடுவது அடுத்த கட்டத்தில்தான். சோகையில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால், அடி இலைகள் வெளிறி மஞ்சளாகும். இது நோயன்று, பசி. சோகையின்மேல் சாணக் கரைசலும் சிறிது யூரியாவும் தெளித்து ஈரம் காத்தால் பயிர் தேறும். வறண்ட மண்ணில் கரையான் ஏறும். நீர் தேங்கும் வயலுக்கு மூடாக்கே ஆகாது.

சோகையை எரிபொருளாக்குவது எளிதல்ல. அதன் சாம்பல் உருகிக் கொதிகலனில் ஒட்டிக்கொள்ளும். அடுப்புக்குப் பருத்திமாறே மேல். அது மரம்போல் நின்றெரியும், மண்ணில் லேசில் மட்காது. மாற்றைப் பிடுங்கி வயலோரம் மாதக்கணக்கில் அடுக்கினால் காய்களில் தங்கிய இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பயிருக்குத் தாவும். மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையும் நன்கு காய்ந்தால் நல்ல விறகுதான்.